அக்காவுக்கு எடுத்த லென்ஸ்

நான் பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவள். எந்தச் சாமான் வந்தாலும் மூன்று கேள்விதான் கேட்பேன். என்ன மெட்டீரியல், எத்தனை நாளைக்கொரு முறை மாற்ற வேண்டும், எந்தக் கம்பெனி. பேரிங் விற்க வருபவர்கள் என்னைக் கண்டால் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அதே மூன்று கேள்வியோடுதான் அக்காவைக் கூட்டிக்கொண்டு துடியலூரில் இருக்கும் அந்தக் கண் கிளினிக்குக்குப் போனேன்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணாடி. மைனஸ் எட்டு. கழற்றினால் எதிரில் நிற்பது மனிதர் என்று தெரியும், யார் என்று தெரியாது. வலது காதுக்குப் பின்னால் வந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தபோது காது மடலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கண்ணாடி மாட்ட இடமில்லை. அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, எலாஸ்டிக் கயிறு கட்டிப் பார்த்தார். காம்பை நெற்றியோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் பார்த்தார். ஒன்று நழுவியது, ஒன்று புண்ணை அழுத்தியது. நாற்பதைக்கூடத் தொடாதவள், சூலூர் வீட்டில் நாள் முழுக்க ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த ஃபேனும் அவளுக்கு ஒரு வெள்ளைப் புகைதான்.

"பாக்க வர்றவங்க மூஞ்சி ஒண்ணும் தெரிய மாட்டேங்குது கண்ணு. குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன். ஒரு தடவையாச்சும் எல்லார் மூஞ்சியையும் தெளிவாப் பாக்கோணும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கிளினிக்குக்குப் போவதற்கு முந்தைய வாரம்தான் ஸ்கேன் வந்திருந்தது. நோய் நுரையீரலுக்கும் போய்விட்டது, இனி மாதக் கணக்குத்தான் என்று டாக்டர் என்னிடமும் மாமாவிடமும் சொல்லியிருந்தார். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். என் குரலை எப்படி வேண்டுமானாலும் வளைப்பேன். பத்து வருஷமாக சப்ளையர்களிடம் பேசிப் பழகிய குரல். "ஸ்கேன் நல்லாருக்குதுக்கா" என்று சொன்னபோது அது கொஞ்சம்கூட நடுங்கவில்லை. என் முகம் அவளுக்குத் தெரியாது என்பது அந்த நாட்களில் எனக்கு ஒரு வசதியாகவே இருந்தது.

கிளினிக்கில் லென்ஸ் பார்த்தது ஒரு இளம்பெண். புற்றுநோய் டாக்டர் லென்ஸ் போடலாம் என்று எழுதிக் கொடுத்ததை முதலில் வாங்கிப் படித்தாள். பிறகு அக்காவின் வலது கண் முழுதாக மூடுகிறதா என்று பலமுறை மூடித் திறக்கச் சொன்னாள். நல்ல வேளையாக ஆபரேஷனில் முகத்து நரம்பு தப்பியிருந்தது. கண்ணீர் சுரக்கிறதா என்று சின்னக் காகிதத்தை இமைக்குள் வைத்துப் பார்த்தாள்.

நான் ஆரம்பித்தேன். "என்ன மெட்டீரியலுங்க?"

"ஹார்டு லென்ஸ் வேண்டாமுங்க. பார்வை நல்லாத் தெளிவா இருக்கும், ஆனா பழகறதுக்கே வாரக்கணக்கா ஆகுமுங்க. சாஃப்ட்ல சாதா ஹைட்ரோஜெல் ஒண்ணு, சிலிகான் ஹைட்ரோஜெல் ஒண்ணு. சிலிகான்ல காத்து நல்லாப் போகுமுங்க. அக்காவுக்குப் பவர் ஜாஸ்தி, லென்ஸ் ஓரம் தடிமனா வரும். அதனால காத்துப் போறதே பாத்துக்கலாமுங்க."

எனக்குப் பிடித்துப்போயிற்று. "சரி. எது நல்ல கம்பெனி?"

"பேர் வாங்குன கம்பெனி நாலஞ்சு இருக்குதுங்க, எதுவும் மோசமில்லீங்க. ஒரே பவரா இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி வளைவு மாறும், ஈரம் மாறும். போட்டுப் பாத்து அக்கா கண்ணுதான் சொல்லோணும். ஆனா பேர் தெரியாததை நெட்டுல மட்டும் வாங்கிடாதீங்க. அட்டையில பவர், வளைவு, எக்ஸ்பைரி எல்லாம் இருக்கோணும், சீல் பிரிஞ்சிருக்கக் கூடாதுங்க."

எத்தனை நாளைக்கொரு முறை மாற்றுவது என்ற மீதிக் கேள்வியில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. அவள் தினமும் போட்டுத் தினமும் எறிகிற லென்ஸைச் சொன்னாள். அக்காவுக்கு மருந்து ஏறுகிறது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. மாத லென்ஸ் என்றால் தினமும் கரைசலில் தேய்த்துக் கழுவ வேண்டும், டப்பாவைச் சுத்தமாக வைக்க வேண்டும், தண்ணீர் படக் கூடாது, ஒரு நாள் அசந்தாலும் கண்ணில் கிருமி. எல்லாம் நியாயம். ஆனால் தினசரி லென்ஸ் பெட்டி ஒரு மாதத்துக்கு வருகிறது. மாத லென்ஸ் பெட்டியில் ஆறு இருக்கும், ஆறு மாதத்துக்கு. எனக்கு அந்த ஆறு மாதப் பெட்டி வேண்டும். அதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் அந்த ஆறு மாதமும் வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். புத்தியுள்ள யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். எனக்கு அன்று புத்தி இல்லை, அக்காதான் இருந்தாள்.

"கழுவறதை நான் பாத்துக்கறேன். ஆறு மாசத்துதே குடுங்க. ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு ரெண்டு பெட்டி. ஒரு வருஷத்துக்கு ஆச்சு" என்று மேசையைத் தட்டினேன்.

"மொதல்ல போட்டுப் பாத்துக்கலாமுங்க" என்றாள் அந்தப் பெண், என் சத்தத்தைச் சட்டை செய்யாமல்.

கண்ணாடியில் மைனஸ் எட்டு என்றால் லென்ஸில் ஏழேகால்தானாம். கண்ணோடு ஒட்டி உட்காருவதால் குறையும் என்றாள். முதலில் போட்டது அக்காவுக்கு உறுத்தியது. கழற்றிவிட்டு வேறு கம்பெனியுடையதைப் போட்டாள். கண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மெஷினில் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னாள். லென்ஸ் லேசாக அசைகிறது, சரியாக உட்கார்ந்திருக்கிறது என்றாள்.

அக்கா தலையை நிமிர்த்தினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்து, "அட, மரம் மரமாத் தெரியுது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடே என் பக்கம் திரும்பினாள்.

நான் சிரிக்கத்தான் பார்த்தேன். குரலைப் பழக்கியிருந்தேனே தவிர முகத்தைப் பழக்கவில்லை. எத்தனையோ நாளாக யாரும் பார்க்காத முகம், அழுது வீங்கி, என்னிடம் அப்படியே இருந்தது. அவள் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. சிரிப்பு மட்டும் மெதுவாக இறங்கியது.

பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "தெனம் போடறதே குடுங்க அம்மணி. கண்ணுக்கு ஒரு பெட்டி போதுமுங்க."

"அக்கா, ஒரு வருஷத்துக்கு..."

"எத்தனை நாளா இந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சுத்திட்டிருக்கற கண்ணு?" என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். லென்ஸ் போட்டவள் அவள். அழுதது நான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பொய் கிடையாது. காலையில் கை கழுவித் துடைத்துக்கொண்டு அவளே லென்ஸைப் போட்டுக்கொள்வாள். மருந்து ஏறும் நாட்களில் போடக் கூடாது, அன்று மட்டும் சிடுசிடுப்பாள். மற்ற நாட்களில் மாமாவை எதிரில் உட்கார வைத்து, "முடி வெட்டுங்க, பாக்கச் சகிக்கல" என்பாள். சொந்தபந்தம் வந்தால் ஒவ்வொருவர் முகத்தையும் ஆசை தீரப் பார்ப்பாள். ஒரு பெட்டி போதும் என்றவளுக்கு இரண்டாவது வாங்கினேன், மூன்றாவதும் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஜெயித்தவள் மாதிரி பஸ் ஏறி வருவேன். மூன்றாவது பெட்டி தீரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் கிளினிக்கிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அக்காவுக்கு லென்ஸ் தீர்ற நேரமாச்சுங்களே. அதே கம்பெனி, அதே ஏழேகால், எடுத்து வெச்சுரட்டுங்களா?"

வேண்டாத சாமானைத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவள் நான். எதிரில் ஒரு பேரிங்காரர் என் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"வைங்க, வாரேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே போய் வாங்கியும் வந்தேன்.