இரண்டு தடவை பெரிதாக்கிய முகம்

ஏற்காடு பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், பழைய படங்களைச் சுத்தம் செய்து பெரிதாக்குவது, இவைதான் தொழில். சேலத்திலிருந்து மேலே வந்து பதினொரு வருடமாகிறது. பெரிதாக்குகிற வேலையில் 'ஸ்டூடியோக்கா' என்று எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. அந்தப் பேரை நம்பித்தான் நாகலூரிலிருந்து அந்த அம்மா வந்தார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவர். அவருடைய கணவர் நான்கு நாட்களுக்கு முன் காலையில் பஸ் ஏறிப் போனவர் திரும்பவில்லை. ஒரு வருடமாகவே அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்ததாம். சாப்பிட்ட சாப்பாட்டை மறப்பார், பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். போலீசில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் நல்ல படம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். ஊரில் போஸ்டர் ஒட்டவும் அதே படம் வேண்டும். அடையாள அட்டையை அவர் எப்போதோ தொலைத்துவிட்டார், வீட்டிலிருந்த நகலில் முகம் கரிக்கட்டையாக இருந்தது.

இருந்தது ஒரே ஒரு படம். சேர்வராயன் கோயில் திருவிழாவில் சொந்தக்காரர்கள் பதினேழு பேர் சேர்ந்து நிற்கும் படம். எடுத்த போன் உடைந்துபோயிருந்தது. வாட்ஸ்அப்பில் கை மாறிக் கை மாறி வந்த பிரதிதான் மிச்சம். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள்தான் அவர், ஒருவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றார். முகத்தை மட்டும் வெட்டி எடுத்தபோது அது அறுபது பிக்சல் புள்ளி அகலம்கூட வரவில்லை.

என் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கும் ஏஐ மென்பொருள் இருந்தது. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று இரண்டு வழி. எப்போதும் இரண்டு மடங்கில்தான் வைத்திருப்பேன். பொத்தானை அழுத்தினேன். நன்றாகவே வந்தது. மங்கலாக இருந்த மீசை மீசையாகத் தெரிந்தது. ஆனால் போஸ்டருக்கு அது போதாது. எனவே வந்த படத்தையே சேமித்து, அதையே மறுபடியும் உள்ளே கொடுத்து, இன்னொரு இரண்டு மடங்கு ஏற்றினேன். இரண்டு இரண்டும் நான்குதானே என்று நினைத்தேன். வேறெதுவும் யோசிக்கவில்லை.

திரையில் ஒரு மனிதர் வந்து நின்றார். கண்ணில் ஒளி, மீசையில் தனித்தனி மயிர், வலது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே நேராக இறங்கும் ஒரு தழும்பு. எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்ன கண்ணு, கோடாட்டம்?"

"தழும்பும்மா. உங்க ஊட்டுக்காரருக்கு இருக்குதுங்களா?"

"நான் பார்த்ததில்லையே." மறுபடியும் திரையை எட்டிப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருசமா ஒரே ஊட்டுல இருக்கறேன். நான்தான் சரியாப் பார்க்கலையோ என்னமோ. கம்ப்யூட்டருக்குத் தெரியுதுன்னா இருக்குமாட்ட இருக்குது."

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மரத்தில் கீறியிருக்கலாம், சின்ன வயதுத் தழும்பாக இருக்கலாம் என்று நானே காரணம் சொன்னேன். அவர் தலையாட்டினார். வீட்டில் கணவனின் முகத்தைத் தான் கவனிக்கவே இல்லை என்ற வெட்கத்தோடுதான் எழுந்து போனார் என்று இப்போது தோன்றுகிறது.

போஸ்டரில் முகத்துக்குக் கீழே அடையாளம் என்று ஒரு வரி இருக்கும். அதில் 'வலது கன்னத்தில் தழும்பு' என்று நானே தட்டச்சு செய்தேன். சேலத்தில் எனக்கு வழக்கமாக அச்சடித்துத் தருகிறவர் போஸ்டர்களை மறுநாளே அனுப்பிவைத்தார். நாகலூரிலிருந்து மலையடிவாரம் வரை, பஸ் நிற்கிற இடமெல்லாம் ஒட்டினார்கள். அந்த அம்மாவின் தம்பி டூவீலரில் சேலம் பஸ் நிலையம் வரை போய் ஒட்டிவிட்டு வந்தார். போன் சில வந்தன. கன்னத்தில் வெட்டுக்காயத்தோடு ஒருவர் ஆத்தூர் பக்கம் இருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தார்கள், வேறு ஆள்.

மூன்று வாரம் கழித்து போட்டோ பேப்பர் வாங்க நான் சேலத்துக்குப் போனேன். திரும்பும்போது அடிவாரத்தில் டீ குடிக்க இறங்கினேன். கடைச் சுவரில் நம் போஸ்டர் இருந்தது. யாராவது விசாரித்தார்களா என்று கடைக்காரரைச் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பத்துப் பதினைந்து நாளைக்கு முன்பு நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவர் இந்தப் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாராம். பேர் கேட்டால் சிரிப்பார், ஊர் கேட்டால் மேலே கையைக் காட்டுவார். இவர்தான் டீயும் பன்னும் கொடுத்திருக்கிறார்.

"எனக்கும் சந்தேகம் வந்துச்சுங்க. இதே போஸ்டர் பக்கத்துலயே அவர நிக்க வெச்சுப் பார்த்தேன். சாடை அடிக்குது. ஆனா கன்னத்துல ஒண்ணுமே இல்லீங்க, மழமழன்னு இருக்குது. கீழ எழுத்துலயே தழும்புன்னு போட்டிருக்குதே. அப்ப வேற ஆளுதான்னு உட்டுட்டேன்."

அந்தப் பெரியவர் எங்கே போனார் என்று கேட்டேன். நாலாம் நாள் காலையில் கடை திறக்கும்போது பெஞ்சில் இல்லையாம். சேலம் ரோட்டில் நடந்துபோனதை யாரோ பார்த்தார்களாம்.

டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன்.

ஸ்டூடியோவுக்கு வந்ததும் அந்த மூலப்படத்தைத் திறந்து, மென்பொருள் எதுவும் இல்லாமல், வெறுமனே பெரிதாக்கிப் பார்த்தேன். அறுபது புள்ளி முகம் எட்டெட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரிந்து தெரிந்தது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது விழுகிற கட்டங்கள் அவை. வலது கன்னத்தில் இரண்டு கட்டங்கள் சேரும் ஓரத்தில் நிறம் ஒரு படி மாறியது. அவ்வளவுதான். முதல் தடவை இரண்டு மடங்காக்கியபோது அந்த ஓரம் மெல்லிய கீற்றாக மாறியிருந்தது, நான் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை உள்ளே போனபோது மென்பொருளுக்கு அது கட்டத்தின் ஓரம் என்று தெரியாது. படத்தில் உண்மையாக இருக்கிற கோடு என்றே எடுத்துக்கொண்டது. கூர்மையாக்கி, ஒரு பக்கம் நிழலும் கொடுத்து, தழும்பாக்கிவிட்டது. நடுவில் நான் படத்தைச் சுருக்கிவைக்கும் ஜேபெக் வடிவில் சேமித்ததில் புதுக் கட்டங்கள் வேறு சேர்ந்திருந்தன.

சேலத்து அச்சகக்காரரைப் போனில் கூப்பிட்டேன். ஒரே தடவையில் நான்கு மடங்கு போட்டுப் பாருங்கள் என்றார். போட்டேன். தழும்பு வரவில்லை. முகம் மெழுகு பூசினது போல வழுவழுப்பாக இருந்தது. ஆனால் மூலத்தில் மூடியிருந்த வாயில் இரண்டு பல் தெரிந்தன.

மனது கேட்காமல், என் சொந்தப் படம் ஒன்றை எடுத்து நான்கில் ஒன்றாகச் சுருக்கி, வாட்ஸ்அப்பில் நான்கைந்து போனுக்குச் சுற்றவிட்டு, இரண்டு வழியிலும் பெரிதாக்கி, அசலோடு ஒப்பிட்டேன். இரண்டு தடவை போனதில் மூக்கோரம் எனக்கு இல்லாத மடிப்பு ஒன்று ஆழமாக விழுந்திருந்தது. ஒரே தடவையில் போனதில் அது லேசாக இருந்தது, ஆனால் புருவம் வேறொருத்தியுடையது. கேமராவிலிருந்து நேராக எடுத்த, கட்டம் விழாத காப்பிச்செடிப் படத்தில் செய்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அச்சகக்காரரிடம் சொன்னேன்.

"மூலம் சுத்தமா இருந்தா எப்படிப் போனாலும் பெருசாத் தெரியாதுங்க அக்கா," என்றார். "அழுக்கா இருந்தா, மொதல் தடவ பண்ணுன தப்ப ரெண்டாவது தடவ நெசம்னு நம்பிக்கும். ஒரே தடவையா போனாலும் இல்லாதது வரத்தான் செய்யும், ஒரு தடவையோட நின்னுக்கும். அறுபது புள்ளில இல்லாத மூஞ்சிய யாராலயும் கொண்டாற முடியாதுங்க."

வெறுமனே பெரிதாக்கிய மங்கல் படத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் நாகலூர் பஸ்ஸில் போனேன். அந்த அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், டீக்கடை விஷயம் உட்பட. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று மட்டும் அவர் கேட்டார். நீலம் என்று கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மங்கல் படத்தைக் காட்டினேன். கண், மூக்கு எதுவும் பிரிந்து தெரியாத படம். பார்த்தவுடனே, "இதுதான் அவுரு," என்றார்.

அந்தப் படத்தைப் போட்டு, அடையாள வரியை நீக்கிப் புதுப் போஸ்டர் அடித்தோம். பழையவற்றின் மேலேயே ஒட்டினோம். டீக்கடைக்காரர் தன் சுவரில் தானே ஒட்டினார். அடிவாரத்திலிருந்து சேலம் வரை அந்த அம்மாவின் தம்பியும் நானும் கடை கடையாக இறங்கிக் கேட்டோம். ஆஸ்பத்திரி, ஆதரவற்றோர் இல்லம், ரயில் நிலையம் எல்லாம் போனோம். நீலச் சட்டையை யாரும் பார்த்திருக்கவில்லை. மழைக்காலம் வந்து போஸ்டர்கள் ஊறி உரிந்தன. போலீசில் கேட்டால் தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். இன்றுவரை எதுவும் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். மாலை போட இல்லை, சும்மா மாட்ட என்று அவரே சொன்னார். கம்ப்யூட்டரில் இருந்த மூன்றையும் அச்செடுத்து மேஜையில் வைத்தேன். மங்கலானது, ஒரே தடவையில் நான்கு மடங்கானது, இரண்டு தடவை போனது. மங்கலானதைத்தான் எடுப்பார் என்று அதை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தழும்பு வைத்த படத்தை எடுத்தார்.

"அம்மா, அந்தக் கோடு அவுருக்கு இல்லீங்க. நான் செஞ்ச தப்பு அது."

"தெரியும் கண்ணு." படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுல, ரேசன் கடையில, எங்க போனாலும் இந்த மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தேன். இப்பக் கண்ண மூடுனா இந்தக் கோட்டோடதான் வர்றாரு. கோடு இல்லாம நெனைச்சுப் பார்க்கறேன், வரமாட்டேங்குது. மங்கலாக் கெடக்கற அதப் பார்த்தா, அது யாரோன்னு இருக்குது."

அந்தக் கோட்டை மட்டும் கையால் அழித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அழித்த இடத்தில் நான் எதையாவது வரைய வேண்டியிருக்கும், அதுவும் அவர் கணவரின் கன்னமாக இருக்காது. எனக்கு அந்தக் கன்னம் தெரியாது. அந்த மனிதரை நான் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை.

படத்தை லேமினேட் செய்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். அடுத்து ஒரு குடும்பம் ஏரியில் படகோடு எடுத்த போட்டோவைப் பெரிதாக்க நின்றுகொண்டிருந்தது. எத்தனை மடங்கு வேண்டும் என்று அவர்களைக் கேட்டேன்.