முழுப் பக்கத்துக்கு ஒரு பூச்சியம்

பூச்சியத்தைக் கூட அழகாகப் போடலாம் என்று அன்றுதான் கண்டேன். சிவப்புப் பேனையால், முட்டை மாதிரி, பக்கத்தின் நடுவில் போட்டிருந்தார் முதலில் திருத்திய சேர். அதைச் சுற்றி ஒரு பிள்ளை ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். எழுதிய எதிலும் ஒரு சரி அடையாளமும் இல்லை, ஒரு பிழை அடையாளமும் இல்லை. வாசித்ததற்கே சாட்சி இல்லை.

புத்தளத்தில் நான் படிப்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் தரவுத்தளப் பாடத்தை இரண்டு பேர் திருத்த வேண்டும் என்பது விதி. முதலில் சிலாபத்தில் இருந்து பஸ்ஸில் வரும் சேர் சிவப்புப் பேனையால் திருத்துவார். பிறகு நான் பச்சைப் பேனையால் பார்த்துக் கையெழுத்து வைப்பேன். பார்ப்பது என்று கடதாசியில்தான் இருக்கிறது. நடைமுறையில் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, கூட்டல் சரியென்றால் கையெழுத்து. நானும் அப்படிச் செய்தவள்தான், மறைக்கவில்லை. அன்று அந்தப் பூச்சியம் கண்ணில் குத்தியதால்தான் பக்கத்தை வாசித்தேன்.

கேள்வி பத்துப் புள்ளிக்கு உரியது. இரண்டு அட்டவணைகள் கொடுத்திருந்தோம். ஒன்றில் படகு இலக்கம், உரிமையாளர், ஊர். மற்றதில் படகு இலக்கம், திகதி, பிடித்த மீன் எத்தனை கிலோ. உடப்பு என்ற ஊரின் படகுகளில் ஒவ்வொன்றும் மொத்தமாக எவ்வளவு பிடித்தது என்று கூட்டி, ஐந்நூறு கிலோவுக்கு மேல் பிடித்தவற்றை மட்டும் காட்டும் வினவலை, தரவுத்தளத்தோடு பேசும் மொழியான SQL இல் எழுத வேண்டும். பரீட்சை மண்டபத்தில் கொம்பியூட்டர் கிடையாது. பேனையும் பேப்பரும்தான்.

அந்தப் பிள்ளை SELECT என்பதை SELCT என்று எழுதியிருந்தாள். FROM என்பது FORM ஆகியிருந்தது. GROUP இல் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது. மற்றதெல்லாம் அச்சொட்டாகச் சரி. இரண்டு அட்டவணையையும் படகு இலக்கத்தால் இணைத்திருந்தாள். WHERE இல் ஊரைப் போட்டிருந்தாள். படகு வாரியாகக் கூட்டியிருந்தாள். ஐந்நூறு கிலோ நிபந்தனையை HAVING இல் வைத்திருந்தாள். கூட்டிய பிறகு வடிப்பதற்குத்தான் HAVING, கூட்ட முன் வடிப்பதற்கு WHERE. இந்த வித்தியாசத்தில் வகுப்பில் பாதிப்பேர் வழுக்கி விழுவார்கள். இவள் விழவில்லை.

பேப்பரின் மேலே இருந்த சுட்டெண்ணைப் பார்த்தேன், யாரென்று தெரிந்தது. உடப்பில் இருந்து வரும் பிள்ளை. எங்கள் ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு கொம்பியூட்டர், அதில் ஐந்துதான் உயிரோடு இருக்கிறது. பஸ்ஸில் பிந்தி வருகிறவளுக்கு எப்போதும் கதிரை மிஞ்சும், கொம்பியூட்டர் மிஞ்சாது. ஆகவே அவள் வினவல்களைக் கொப்பியில் எழுதி எழுதித்தான் பழகினாள். முழுப் பேப்பருக்கும் அவளுடைய மொத்தப் புள்ளி முப்பத்தாறு. சித்தியடைய நாற்பது வேண்டும். சித்தியடைந்தவர்களின் லிஸ்ட் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகும். அதில் பெயர் இருந்தால் ஆறு மாதம் ஒரு கம்பனியில் பயிற்சி. இல்லாவிட்டால் ஒரு வருடம் காத்திருந்து திரும்ப எழுத வேண்டும். ஒரு வருடம் வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை திரும்பி வருவதை நான் அதிகம் கண்டதில்லை.

சேரிடம் பேப்பரைக் கொண்டுபோய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறாமல் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அதில் அந்த இரண்டு அட்டவணையையும் உருவாக்கி, ஆறு படகின் விவரத்தையும் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் விடையையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே தட்டுவாராம். விடை அட்டவணை வந்தால் புள்ளி. பிழைச் செய்தி வந்தால் பூச்சியம். இதற்கு எவ்வளவு மினக்கெட்டார் என்றும் சொன்னார். மினக்கெட்டது உண்மைதான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோம்பேறித்தனத்தால் செய்த அநியாயம் என்றால் மன்னிக்கலாம். இது கஷ்டப்பட்டுச் செய்த அநியாயம்.

“கொம்பியூட்டர் யார் பக்கமும் சாயாது மிஸ். ஓடினா ஓடும், ஓடாட்டி ஓடாது” என்றார்.

“சேர், அவளுக்கு முன்னால கொம்பியூட்டர் இருந்திருந்தா, அது பிழையெண்டு சொன்ன அடுத்த நிமிஷம் அவளே திருத்தியிருப்பா. நாங்க குடுத்தது பேப்பர். பேப்பர் வாய் திறக்குமா?”

அவர் சிரித்தார். போன வருடமும் இப்படித்தான் திருத்தினேன், நீங்களும்தானே கையெழுத்து வைத்தீர்கள் என்றார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் மனிதரோடு இனி என்ன கதை என்று பேப்பர்க் கட்டை அள்ளிக்கொண்டு எழுந்தேன். ஆனால் சேருடைய அந்தக் கடைசி வசனம் என்னோடேயே எழுந்து வந்தது.

நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு முழுக் கட்டையும் விரித்து வைத்து அந்த ஒரு கேள்வியை மட்டும் வாசித்தேன். பத்துக்குப் பத்து வாங்கிய ஒரு விடை கிடைத்தது. முத்து முத்தான எழுத்து, ஒரு சொல்லிலும் பிழையில்லை. ஆனால் இரண்டு அட்டவணையையும் இணைக்கும் வரி இல்லை. எந்தப் படகின் மீன் எந்தப் படகுக்கு உரியது என்று சொல்லவே இல்லை. அந்த வரிக்கு மட்டும் எங்கள் புள்ளித் திட்டத்தில் மூன்று புள்ளி. வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். சேர் வாசிக்கவில்லை, தட்டினார். ஓடியது. பத்து.

கோபத்தோடு இரண்டு பேப்பரையும் உருவி எடுத்தேன். நேராக நிலையத்தின் பணிப்பாளரிடம் போனேன். அவர் வணிகம் படித்த அம்மா, SQL தெரியாது. சேரையும் கூப்பிட்டார். சேர் ஒழுங்கு, தரம், கைத்தொழில்துறையின் எதிர்பார்ப்பு என்று பெரிய பெரிய சொற்களாக எடுத்து விட்டார். பணிப்பாளர் என்னைப் பார்த்து, பிள்ளை பாவம் என்றால் நாலு புள்ளி போட்டு நாற்பதாக்கி விடுவோமே, விஷயம் முடிந்தது என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். எனக்கு அது பூச்சியத்தை விடக் கேவலமாகப் பட்டது.

“பிச்சை வேணாம் மெடம். அவ செஞ்சதுக்கு உரியதைக் குடுங்க” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியில் இருந்த எழுதுவினைஞர் எட்டிப் பார்த்தார்.

பிறகு சேரிடம் அந்த முத்தான எழுத்து விடையை அவருடைய மடிக்கணினியிலேயே தட்டச் சொன்னேன். தட்டினார். அட்டவணை வந்தது. உடப்புப் படகுகள் மூன்று, மூன்றுக்கும் நேரே மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கிலோ. திரையைப் பணிப்பாளர் பக்கம் திருப்பினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். அவருடைய வாப்பா கற்பிட்டியில் படகு வைத்திருந்தவர்.

“இதென்ன, மூணு படகுக்கும் ஒரே நிறையா? ஒரு கிலோ கூடக் குறைய இல்லாமலா?”

இணைக்கும் வரி இல்லாததால் ஒவ்வொரு உடப்புப் படகோடும் கற்பிட்டி மீன், சிலாபம் மீன் என்று எல்லாப் படகின் மீனையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறது என்று நான்தான் விளக்கினேன். பிறகு உடப்புப் பிள்ளையின் விடையில் அந்த மூன்று சொல்லின் எழுத்துகளை மட்டும் திருத்தித் தட்டச் சொன்னேன். இரண்டு படகு வந்தது. ஒன்றுக்கு அறுநூற்று நாற்பது, மற்றதற்கு எண்ணூற்றுப் பதினைந்து. முந்நூற்றுப் பத்து மட்டும் பிடித்த மூன்றாவது படகு வரக்கூடாது, வரவும் இல்லை. எழுத்துப் பிழையைக் கொம்பியூட்டர் உடனே காட்டிக் கொடுக்கும். சிந்தனைப் பிழையைக் காட்டாது, பொய்க் கணக்கை நீட்டிவிட்டு நல்ல பிள்ளையாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தானே மனிதன் திருத்துகிறான்.

எல்லாப் பிழையையும் மன்னிக்கச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். HAVING வர வேண்டிய இடத்தில் WHERE போட்டால் அது எழுத்துப் பிழை அல்ல, வெட்டுங்கள். எழுதியது எந்தச் சொல் என்றே விளங்காவிட்டாலும் வெட்டுங்கள். விளங்கினால் கொடுங்கள். சேர் மடிக்கணினியை மெல்ல மூடினார். தோற்ற முகம் என்று சொல்ல மாட்டேன், முதல் தடவையாக யோசிக்கிற முகம்.

அந்தக் கேள்வியை அன்றே இருவருமாக எல்லாப் பேப்பரிலும் திரும்பத் திருத்தினோம். முத்தான எழுத்து ஏழுக்கு இறங்கியது, அவன் எப்படியும் சித்திதான். உடப்புப் பிள்ளை நாற்பத்தாறு. இன்னும் மூன்று பூச்சியங்கள் எழும்பி உட்கார்ந்தன. லிஸ்ட் வெள்ளிக்கிழமை சரியாகப் போனது. அடுத்த பரீட்சைக்கு, இதை ஒரு விதியாக எழுதிப் புள்ளித் திட்டத்தில் சேர்க்கும்படி பணிப்பாளர் என்னிடமே சொன்னார். போன வருடப் பேப்பர்களைக் கேட்டேன். அலுமாரியில் இடமில்லை என்று அவற்றை எப்போதோ அழித்துவிட்டார்களாம்.

அடுத்த கிழமை அந்த விதியை அச்சடித்து, கையெழுத்து வைத்து, போட்டோக் கொப்பி எடுக்கத் தில்லையடியில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனேன். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவள் போன வருடம் என்னிடம் படித்த பிள்ளை. தரவுத்தளப் பாடத்தில்தான் பெயில். திரும்ப எழுத வருகிறேன் என்று சொல்லிப் போனவள், வரவில்லை. நான் ஏன் வரவில்லை என்று கேட்டதும் இல்லை. ஸலாம் சொல்லிக் கடதாசியை வாங்கினாள். கண்ணாடியில் கவிழ்த்து வைக்க முன் அவள் கண் அந்த வரிகளில் ஓடியது. தர்க்கம் சரியாயின், கட்டளைச் சொற்களின் சிறு எழுத்துப் பிழைகளுக்குப் புள்ளி குறைக்கப்படலாகாது.

“இது எப்ப இருந்து மிஸ்?”

“இந்த வருஷத்தில இருந்து” என்றேன்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது, ஏசியிருந்தால் இன்னும் நல்லது. அவளுடைய பேப்பரில் என்ன இருந்தது என்று இனி அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை நாளும் சேர் மேல் எரிந்துகொண்டிருந்த கோபம், மெஷின் வெளிச்சம் ஒருமுறை போய் வருவதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டது. எத்தனை கொப்பி என்று கேட்டாள். ஐந்து என்றேன். ஐந்தையும் தட்டி ஓரம் சமப்படுத்தி என் கையில் தந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது.