ஆறாவது சர்வர்

பிரிஸ்கில்லா ஜெயித்தவை இவை. மாகறலில் இருந்து பஸ்ஸில் போய் வந்தே டிப்ளமோ முடித்தாள். இங்கிலீஷ் வராமலே நேர்முகத்தேர்வில் தேறினாள். உத்திரமேரூரில் உரக்கடை மாடியில் அப்துல் பாசித் நடத்தும் கம்பெனியில், முதல் பெண்ணாகச் சேர்ந்தாள்.

பால் சொசைட்டிகளுக்கு சாப்ட்வேர் கொடுக்கும் கம்பெனி அது. கிளவுடில் ஆறு சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் மாதம் பதினைந்தாயிரம் வாடகை. ஆக, தொண்ணூறாயிரம்.

"பாதியா குறையணும். இல்லன்னா நாலு பேர்ல ஒருத்தர் வூட்டுக்குப் போவணும்" என்றார் பாசித். கடைசியாகச் சேர்ந்தவள் இவள்தான். அதைக் கேட்டும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள்.

சர்வரின் மெமரி எவ்வளவு நிறைகிறது என்பது தானாகத் தெரியாது. அதைச் சொல்லும் சிறு புரோகிராமை ஆறிலும் போட்டுப் பதினைந்து நாள் பார்த்தாள். ஐந்து சர்வர்களில் பிராசசர் பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை. மெமரியும் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு சைஸ் குறைத்தால் பாதி வாடகை.

ஆறாவதிலும் பிராசசர் சராசரி ஏழு சதவீதம்தான்.

"இதுவும் சும்மாதான கீது? சேர்த்துப் போடு, கரெக்டா பாதி" என்றான் சீனியர் வரதன்.

"ஆபீஸ் பத்து மணிக்குத் தொறக்குது. நாம கிராஃபையும் பத்து மணியில இருந்தே பாக்கறோம்ணா."

சராசரியை எடுத்துவிட்டு, நாள் முழுவதற்கும் ஐந்து ஐந்து நிமிடத்தின் உச்சத்தை வைத்தாள். விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை கோடு எண்பத்தொரு சதவீதத்தைத் தொட்டு நின்றது. எல்லா சொசைட்டியும் ஒரே சமயத்தில் காலைப் பால் அளக்கிற நேரம்.

"இத கொறச்சா சிக்கிக்கும் பாய். பால் கேன வெச்சிக்கினு ஜனங்க நிப்பாங்க" என்றாள் பாசித்திடம்.

"பாதிக்கு இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு உதைக்குதே."

"ஆமா பாய்."

"வேல போவும்னு பயமா இல்லியா?"

"தெரியல பாய்."

பாசித் திரையில் அந்தக் கோட்டின் மேல் விரல் வைத்தார். "இந்தப் பேஜாரு என்னோட போவட்டும். அஞ்ச மட்டும் மாத்து. யாரையும் அனுப்பல."

வரதன் அவள் தோளருகே குனிந்து, "தப்பிச்சே, பார்ட்டி வெய்யி" என்றான். சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, வாய் ஒத்துழைக்கவில்லை.

பால் வேலை ஓய்ந்திருக்கும் நடுப்பகலில் ஐந்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, சைஸ் மாற்றி, மறுபடி ஓடவிட்டாள். ஒரு வாரம் அளவுகளைக் கவனித்தாள். எதுவும் திணறவில்லை. மாத வாடகை ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கியது.

சர்வரில் எதை மாற்றினாலும் எழுதிவைக்கும் நோட்டில், பொறுப்பாளர் இடத்தில் அதுவரை வரதன்தான் கையெழுத்துப் போடுவான். அன்று நோட்டை அவள் பக்கம் தள்ளினார் பாசித்.

பெ. பிரிஸ்கில்லா, 19.3.2025.