இரண்டாவது மைக்

ஒலிப்பதிவாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டுப்பாடலுக்கு நடுவில் ஒரு மைக் போதும். பதிவன்று ஓரத்தில் நின்ற மனைவிக்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தது பாழாய்ப்போன ஆசை. தனித்தனியாகக் கேட்டால் தேன். சேர்த்தால் குடத்துக்குள் பாடினமாதிரி இருக்கிறது. ஒரே குரல் இரண்டு மைக்குக்கும் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்து, ஒன்றையொன்று விழுங்குகிறது.

பக்கத்து மைக்கின் பதிவை இம்மியளவு பின்னுக்குத் தள்ளினார். மனைவியின் குரல் நிமிர்ந்தது. நடு மைக்கை ஒட்டி நின்ற மற்ற முப்பது பேரின் குரல் இன்னும் மோசமானது. மறுபடி பாட வைக்க வழியில்லை. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பேசுவதே தாளில்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து மைக்கின் பதிவை அணைத்தார்.

அருகில் உட்கார்ந்து கேட்டவள் எழுதிக் காட்டினாள்: "இப்ப சுத்தமா இருக்கு. நான் எங்க இருக்கேங்க?"