கறை படியாத தாள்

எங்கள் முதலாளிக்குக் கொடைக்கானலில் யூகலிப்டஸ் இலை காய்ச்சித் தைலம் இறக்கும் கொப்பரை ஒன்று இருந்தது. அறுபதுகளில் மலையடிவாரமெங்கும் எண்ணெய் கலந்த மலிவுத் தைலம் வந்து குவிந்ததும் எங்கள் டின்கள் கொட்டகையிலேயே தூங்கின. கடைசி முயற்சியாக ஒரு நிமிட விளம்பரப் படம் எடுத்து, வத்தலக்குண்டு டூரிங் டாக்கீஸில் இடைவேளையில் காட்டுவதென்று முடிவானது. "இதுலயும் போணியாகலைன்னா அடுப்பை அணைச்சிருவேன்ல," என்றார் முதலாளி. அடுப்பு அணைந்தால் எனக்கும் சோறில்லை. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

மதுரையிலிருந்து வந்த கேமராக்காரர், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருந்த பாய் விற்ற தைலத்தின் சதுரச் சீசாவை வாங்கி வந்து எங்கள் சீசாவுக்குப் பக்கத்தில் வைத்தார். "பேர்ச்சீட்டைக் கிழிச்சிட்டேங்க. யாருதுன்னு தெரியாது."

முதலாளி சீசாவை எடுத்து ஓரமாக வைத்தார். "இந்தச் சதுரத்தைக் கண்ணை மூடிட்டுத் தடவினாலும் பாயோடதுன்னு ஊரே சொல்லும். எடுத்துட்டுப் போங்க. நம்ம தைலத்துலயே கொஞ்சத்துக்குத் தேங்காயெண்ணெய் கலப்போம். கலப்படம் என்ன பண்ணும்னு காட்டினாப் போதும். மனுசனைக் காட்ட வேணாம்."

கலப்பது என் சோலி. மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கல்லாகிக் கிடந்தது. அதை உருக்குவதற்குள் நான் உருகிவிட்டேன். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம், ஒரே மாதிரி இரண்டு தாள், தாளுக்கு ஒரு சொட்டு. சுத்தத் தைலம் காற்றோடு போய்விடும், தாள் வெளுப்பாகவே இருக்கும். எண்ணெய் கலந்தது மட்டும் கண்ணாடி மாதிரிக் கறை விடும். முன்பு பழனி வெயிலில் செய்து பார்த்தபோது அப்படித்தான் ஆனது.

இங்கேயோ, மூடுபனியில் இரண்டு தாளும் ஈரமாகவே கிடந்தன. நம் தைலமும் கலப்படந்தானோ என்று பயந்துவிட்டேன். "மொதலாளி, நம்மளயும் எவனோ ஏமாத்திட்டான்!" என்று கத்தினேன். காய்ச்சி இறக்கியவர் அவர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஏலே, குளிருதுல்ல? அதுக்குங் குளிரும். கணப்பை வையி."

தீ படாத தூரத்தில் இரண்டு தாளுக்கும் நடுவே கணப்பை வைத்தோம். தாளைத் தொடவில்லை, கேமராவையும் நகர்த்தவில்லை. காத்திருந்தோம். ஒரு தாள் வெளுத்தது. மற்றதில் கறை நின்றது.

படத்தில் பேச்சு சேர்க்க வசதியில்லை. நானே டாக்கீஸ் கொட்டகையில் மைக்கைப் பிடித்துப் பேசவேண்டும். மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இது சுத்தத் தைலம். அது எண்ணெய் கலந்த தைலம். நீங்களும் வீட்டில் சொட்டு விட்டுப் பாருங்கள்." எழுதிக்கொடுத்தது அவ்வளவுதான்.

திரையில் கறை தெரிந்ததும் மணல் தரையிலிருந்து ஒரு குரல்: "அந்தக் கறை யாரோடதுங்கோ? பஸ் ஸ்டாண்டு பாயோடதா?"

கொட்டகை சிரித்தது. பெஞ்சு வரிசையில் பாய் மனைவி மக்களோடு உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. பின்னால் முதலாளி நின்றிருந்தார். நான் பேசாமல் இருந்தாலே போதும். ஊர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும், எங்கள் அடுப்பும் எரியும். வாயைத் திறந்தேன். முதலில் மைக்தான் கீச்சிட்டது. நானென்று நினைத்து அதற்கும் சிரித்தார்கள்.

"யாரோடதும் இல்லீங்க. தேங்காயெண்ணெய் கலந்தது நான்."

"நீயே கலந்து, நீயே பந்தயம் ஓடி, நீயே ஜெயிச்சியாக்கும்!"

அதற்குப் பிறகு நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. விசில் சத்தத்தில் படம் முடிந்தது.

வெளியே பாய் என்னை நிறுத்தினார். "தம்பி, உங்க மொதலாளி என் சீசாவை வைக்கவிடலையாமே. கேமராக்காரர் சொன்னாரு." மனைவி மக்களை முன்னால் போகச் சொன்னார். "நானும் சொட்டு விட்டுப் பார்க்கணும். மொத்த வியாபாரி கொடுக்கறதைத்தான் விக்கிறேன். என்ன கலந்திருக்கோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் அவர் கடையில் தைல வரிசை காலியாகக் கிடந்தது. கொட்டிக் காலியாக்கிய சதுரச் சீசாக்களைக் கீழே கவிழ்த்து அடுக்கியிருந்தார். வேறு சரக்கு வாங்க அவரிடம் முதலில்லை. கடனுக்குக் கொடுக்க எங்களிடமும் தெம்பில்லை. எங்களைத் தேடியும் யாரும் வரவில்லை. ஊருக்கு ஞாபகமிருந்தது "நீயே ஜெயிச்சியாக்கும்" மட்டுந்தான். என்னைக் கண்டால் பஸ் கண்டக்டர்கூட அதைத்தான் சொன்னார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

முதலாளி அடுப்பை அணைத்தார். "அன்னைக்குப் பாயோடதுன்னு சொல்லியிருந்தா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு நாள் எரிஞ்சிருக்கும். அப்புறம் நாம பஸ் ஏற அந்த ஸ்டாண்டுக்குத்தானலே போகணும்?" என்றார்.

விற்றுவிட்ட செம்புக் கொப்பரையை லாரியில் ஏற்றியபோது மூடுபனி இறங்கியிருந்தது. அது இருந்த இடத்தை மோந்து பார்த்தேன். நல்ல தைலந்தான் காய்ச்சியிருக்கிறோம். வாசனைகூட மிச்சமில்லை.