மேடம் எடுக்க வேண்டிய போன்

மருத்துவமனை மருந்துக் கிடங்கின் மேற்பார்வையாளர் வேலைக்கு என்னைக் கிட்டத்தட்டத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்தக் "கிட்டத்தட்ட"வில்தான் ஒரு வாரம் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"உங்க பழைய மேலாளர்கிட்ட ஒரு கால் மணி நேரம் பேசணும். கூட வேலை பார்த்தவங்க வேண்டாம், உங்களுக்கு மேல இருந்தவங்கதான் வேணும்" என்றார் மருத்துவமனை மனிதவளப் பிரிவிலிருந்து அழைத்த பெண். "செவ்வாய் காலை, புதன் மதியம், இல்லன்னா வியாழன் நாலு மணி. அவங்களுக்கு எது தோதுன்னு கேட்டு, நம்பரோட அனுப்புங்க."

எனக்கு மேல இருந்தவர் என்றால், முன்பு வேலை பார்த்த மருந்து மொத்த விற்பனைக் கிடங்கின் மேலாளர் மேடம்தான். அங்கே நான் சரக்கிருப்பைச் சரிபார்ப்பவன். காலாவதி நெருங்கும் பெட்டிகளை முன்வரிசைக்குத் தள்ளுவதே என் திறமை. அதை விண்ணப்பத்தில் "இருப்பு மேலாண்மை உத்திகள்" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மேடத்துக்கு எழுத உட்கார்ந்தேன். நலம் விசாரித்து, அவருடைய தலைமையைப் புகழ்ந்து, மூன்று நாட்களையும் சொல்லி, "தங்கள் பொன்னான நேரத்தில்" என்று முடித்தபோது அது ஏதோ விருது விழா அழைப்பிதழ் போலிருந்தது. பரிசோதனைக்கூட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன உதவி வேணும்னு கடைசி வரியிலதான் வருது. அதுக்குள்ள அவங்க தூங்கிடுவாங்க."

சுருக்கி அனுப்பினேன். பதில் இல்லை. செவ்வாய் வந்தது, பதில் இல்லை. புதன் காலையில் முழு நம்பிக்கையும் போய், மேடத்துக்கு என்மேல் ஏதோ தீராத கோபம் என்று முடிவு கட்டி, காரணங்களைத் தேட ஆரம்பித்தேன். ஒன்பது கிடைத்தன.

"போன் பண்ணிக் கேளுங்க. சும்மா வீட்டுக்குள்ள நடந்தா தரைதான் தேயும்" என்றாள் மனைவி.

பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தார் மேடம்.

"சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

"மேடம், ஞாயித்துக்கிழமை ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தேன்..."

"ஓ. தப்பா நினைக்காதீங்க. தினமும் காலைல ஒரு ரோஜாப்பூ வரும்ல உங்ககிட்டேருந்து, அதனால உங்க பேரை மியூட்ல போட்டு வெச்சிருக்கேன். நாலு வருஷமா."

வேலையை விட்ட பிறகும் நல்லுறவு அறுந்துவிடக் கூடாது என்று நான் அனுப்பிய காலை வணக்கங்கள் அவை. உறவு இந்தப் பக்கம் மட்டும் பூத்துக் குலுங்கியிருக்கிறது. காது சுட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கென்ன, தாராளமா பேசறேன். இன்னைக்கு மதியம் லாரி வருது, நாளைக்கு நாலு மணி சரி. உங்க விண்ணப்பத்தையும் அங்க என்ன வேலைங்கறதையும் அனுப்பி வைங்க. ஆனா ஒண்ணு. நான் பார்த்ததைத்தான் சொல்வேன்."

"அது போதும் மேடம்" என்றேன்.

மருத்துவமனைக்கு உடனே எழுதினேன்: வியாழன் நாலு மணி, இதுதான் எண். மறுநாள் நாலு மணிக்கு என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கப்போவது போல. ஐந்தாகும்போது மேடம் அழைத்தார்.

"பேசிட்டேன். எப்ப சேர்ந்தீங்க, எப்ப விட்டீங்க, என்ன பொறுப்புன்னு கேட்டாங்க. அந்த உத்தின்னா என்னன்னும் கேட்டாங்க. பெட்டியை முன்னாடி தள்ளி வெப்பார், அதனால காலாவதியாகி நாங்க தூக்கிப்போட்டது ரொம்பக் குறைஞ்சதுன்னு சொன்னேன். திரும்ப வேலைக்கு எடுப்பீங்களான்னாங்க. எடுப்பேன்னேன்."

நெஞ்சு நிமிர்ந்தது.

"என்ன குறைன்னும் கேட்டாங்க. பத்து பேர் முன்னாடி பேசச் சொன்னா குரலே வராது, கொஞ்சம் பழக்கணும்னேன்."

நெஞ்சு பழைய இடத்துக்குப் போனது.

"அந்த வேலையில தினமும் காலைல நர்ஸுங்க கூட மீட்டிங் இருக்கு மேடம்."

"படிச்சேன். அதனாலதான் சொன்னேன். முதல் நாளே அங்க நின்னு முழிக்கறதை விட இது நல்லது."

அன்று மாலை முழுவதும் மேடத்தை மனதுக்குள் திட்டினேன். மனைவி சாப்பிட்டபடியே கேட்டாள், "அவங்க சொன்னதுல எது பொய்?"

குழம்பில் உப்பு கம்மி என்றேன்.

திங்களன்று வேலை உறுதிக் கடிதம் வந்தது. முதல் மாதம் காலைக் கூட்டத்தைத் தலைமை மருந்தாளுநர் நடத்துவார், நான் கூட நின்று பழகிக்கொள்ளலாம் என்று அந்த மனிதவளப் பிரிவுப் பெண் போனில் சொன்னார். தனியாக நின்று முழிக்கும் வேலை ஒரு மாதம் தள்ளிப்போனதில், மேடத்தைத் திட்டியதையெல்லாம் மனதுக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மேடத்துக்கு நன்றி சொல்ல நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்துகொண்டு அழைத்தேன்.

"கிடைச்சிருச்சு மேடம்."

"சந்தோஷம். நல்லா செய்ங்க. லாரி வந்து நிக்குது, வைக்கட்டுமா?"

வைத்துவிட்டார். மிச்ச வாக்கியங்களை மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியம் வரை நின்று கேட்டாள். அப்புறம் அவளுக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது.