ஏழு நிமிடம் தட்டையாக ஓடிய கோடு

செஞ்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் மயக்கப் பிரிவு டெக்னீஷியனாக இருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. பஜாரில் பாதிப் பேர் என்னை இன்னமும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. மயக்க மருந்து கொடுப்பது டாக்டர். மெஷினைத் தயார் செய்வதும், ட்யூப் எடுத்துக் கொடுப்பதும், மானிட்டர் ஒயர்களை மாட்டுவதும் என் வேலை. ஒன்று சரியாக நடந்தால் டாக்டருக்குப் பெயர், தவறாக நடந்தால் அது கடவுள் விட்ட வழி. எனக்கு இரண்டிலும் பங்கில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மானிட்டரில் கேப்னோகிராபி என்று ஒரு கோடு ஓடும். நோயாளி வெளியே விடும் மூச்சில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று அது வரைந்து காட்டும். தொண்டையில் போட்ட ட்யூபின் வாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கொஞ்சம் காற்றை உறிஞ்சி மானிட்டருக்குக் கொண்டுபோகும். அந்தக் குழாயை லைன் என்போம். ஒவ்வொரு மூச்சுக்கும் உச்சி தட்டையான ஒரு மேடு எழும்பும். அந்த வாயு நுரையீரலிலிருந்து வருவது. வயிற்றில் அது கிடையாது. மூச்சுக்குழாயில் போக வேண்டிய ட்யூப் தவறி உணவுக்குழாயில் போய்விட்டால் மேடு வராது. இதைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான சாமான் இல்லை.

நாங்கள் அதை என்ன செய்து வைத்திருந்தோம் என்று சொல்கிறேன். லைனை ஒரு நோயாளிக்குப் போட்டுவிட்டுத் தூக்கி எறிய வேண்டும். நாங்கள் கழுவிக் காயவைத்து வாரக்கணக்கில் ஓட்டினோம். மூச்சின் ஈரம் உள்ளே தேங்கும், கோடு படுத்துவிடும். நான் லைனைக் கழற்றி, உதறி, சிரிஞ்சால் காற்றடித்து மறுபடி மாட்டுவேன். "லைன்ல தண்ணி சார்" என்பேன். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இதைச் சொல்லியிருப்பேன். புதிதாக வந்த நர்சுகளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: கோடு படுத்தா பயப்படாதீங்க, தண்ணிதான். லைன் அடைத்தால் மானிட்டர் ஒரு வாசகம் காட்டும், மூச்சு இல்லையென்றால் வேறு வாசகம் காட்டும். இரண்டும் ஒரே மஞ்சள் எழுத்து. நான் படிப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று. அலாரம் சர்ஜனுக்குத் தலைவலி என்பதால் காலையில் மெஷினைப் போட்டதும் அதன் வாயை அடைப்பதுதான் என் முதல் வேலை.

அந்த அம்மா மேல்சித்தாமூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும், கொஞ்சம் கனத்த உடம்பு, பித்தப்பையில் கல். காலையில் தியேட்டருக்கு அழைத்து வந்தபோது எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"பொழுது சாஞ்சா நாங்க சாப்புட மாட்டோமே, தெரியாதா உனக்கு? சமணரு வீடு. ஆபரேசனுக்கு எங்கள மாரி ஆளு கெடைக்காது" என்று சிரித்தார்.

வெளியே அவருடைய ஒரே மகள் நின்றிருந்தாள். பஜாரில் ஒரு உரக்கடையில் கணக்கெழுதுகிற பெண். "பாத்துக்குங்கண்ணா" என்றாள். எல்லாரும் சொல்வதுதான். நானும் எல்லாரிடமும் ஆட்டுகிற மாதிரி தலையை ஆட்டினேன்.

மயக்க டாக்டர் திண்டிவனத்திலிருந்து வருகிறவர். ஒரே காலையில் மூன்று மருத்துவமனை பார்ப்பார். மோசமானவர் இல்லை. அவர் கையால் பிழைத்தவர்களை எனக்கே தெரியும். அன்றைக்கு அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான். மருந்து போட்டு, முகமூடி வைத்துப் பையை அமுக்கி ஆக்சிஜன் கொடுத்தார். உடம்பு தளர்ந்ததும் ட்யூபைப் போட்டார். கனத்த கழுத்து, தொண்டை சரியாகத் தெரியவில்லை என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

மானிட்டரில் ஒரு மேடு வந்தது. சின்னதுதான்.

"வந்துச்சு, வந்துச்சு" என்று சொல்லி டாக்டர் பிளாஸ்திரி ஒட்டத் திரும்பினார். இரண்டாவது மேடு அதைவிடச் சின்னது. மூன்றாவது ஒரு சுருக்கம் போல இருந்தது. அப்புறம் கோடு தரையோடு படுத்தது.

முகமூடி வழியாகப் பையை அமுக்கும்போது கொஞ்சம் காற்று வயிற்றுக்கும் போகும். நுரையீரலிலிருந்து தொண்டைக்கு வந்த வாயு அதோடு சேர்ந்து இறங்கியிருக்கும். ட்யூப் உணவுக்குழாயில் இருந்தால் அந்தக் கொஞ்சத்தைக் கக்கிவிட்டு மேடுகள் தேய்ந்து போகும். இதைப் பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் படமும் வரைந்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் என் வாயில் வந்தது இது: "லைன்ல தண்ணி சார்."

"பாருப்பா" என்றார் டாக்டர்.

லைனைக் கழற்றினேன், உதறினேன், காற்றடித்தேன், மாட்டினேன். கோடு எழவில்லை. அலமாரியில் போய் இன்னொரு கழுவின லைனைத் தேடி எடுத்து வந்து மாட்டினேன். அப்போதும் எழவில்லை. ரத்தத்தின் ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது காட்டியது. முன்கூட்டியே ஆக்சிஜன் நிரப்பி வைத்த உடம்பு அப்படித்தான் சில நிமிடம் ஏமாற்றும். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நிதானமாக இருந்தோம்.

மெஷினே போய்விட்டதா என்று பார்க்க லைனின் நுனியை என் வாயில் வைத்து ஊதினேன். இரண்டு விநாடி கழித்து மானிட்டரில் ஒரு மேடு எழுந்தது. சுவர் மாதிரி நேராக ஏறி, மேலே சமமாக ஓடி, நான் மூச்சை இழுத்ததும் செங்குத்தாக இறங்கியது. அழகான மேடு. மெஷின் நன்றாக இருக்கிறது, லைனில் தண்ணீரும் இல்லை. மேலே மஞ்சள் எழுத்தை அப்போதுதான் படித்தேன். அடைப்பு என்று அது ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மூச்சில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"சார், மெஷினு நல்லா இருக்குது. என் மூச்சு வருது. அந்தம்மா மூச்சு வர்ல."

"கண்ணால பாத்துதான்யா போட்டேன்." ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தார். கனத்த மார்பில், வயிற்றுக்குப் போகிற காற்றும் ஏதோ சத்தம் போடும். "கேக்குதே. டைட்டா இருக்கு. ஸ்பாசம்" என்று மூச்சுக்குழாய் இறுக்கத்துக்கு மருந்து கேட்டார்.

நான் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். இதுதான் என்னால் விழுங்க முடியாதது. "ட்யூப எடுங்க சார்" என்று கத்தியிருக்க வேண்டும். எடுத்துவிட்டு முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்திருந்தால் போதும். அந்த வாக்கியத்துக்கு மூன்று சொல். என் வாய் திறக்கவில்லை. டெக்னீஷியன் டாக்டருக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று வளர்ந்த வாய் இது.

மானிட்டரில் நாடித்துடிப்புக்கு ஒலிக்கும் சத்தம் கனத்துக்கொண்டே போனது. ஆக்சிஜன் எண்பது, அறுபத்தைந்து, நாற்பது. உதடு நீலம். அப்புறம்தான் டாக்டர் தானாக ட்யூபை உருவினார். மறுபடி போட்டார், இந்த முறை சரியாக. ஆனால் இதயம் நின்றுவிட்டிருந்தது. நான் மார்பை அமுக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் குட்டையான மேடுகள் வந்தன. ரத்தம் ஓடினால்தான் அந்த வாயு நுரையீரலுக்கு வரும், கை அமுக்குகிற அளவுக்குத்தான் மேடும் உயரும். எட்டு நிமிடம் போல அமுக்கியிருப்பேன். திடீரென்று மேடு இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. இதயம் திரும்பிவிட்டது என்பதை நாடியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அது சொன்னது. அதை மட்டும் அன்று எல்லோரும் நம்பினோம்.

ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். மானிட்டரின் பதிவைத் தனியாகப் புரட்டிப் பார்த்தேன். கோடு ஏழு நிமிடம் தட்டையாக ஓடியிருந்தது. கேஸ் ஷீட்டில் மூச்சுக்குழாய் கடுமையாக இறுகிவிட்டது என்று எழுதினார்கள். இறுகினால் கோடு தட்டையாகாது. காற்று சிரமப்பட்டு வெளியே வருவதால் ஏற்றம் சரிந்து, சுறா மீனின் துடுப்பு மாதிரி வரும். டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கார்பன் டை ஆக்சைடு எழுதும் கட்டங்களைக் காட்டி, "நார்மலா போட்டுடுப்பா" என்றார். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தைந்து என்று என் கையெழுத்தில் நிரப்பினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஒன்பதாம் நாள் பாண்டிச்சேரிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மத்தியானப் பார்வை நேரம். அந்த அம்மா வென்டிலேட்டரில் கண் மூடிக் கிடந்தார். மகள் என்னைப் பார்த்ததும் கைகூப்பினாள்.

"அங்கருந்து வந்து பாத்தது நீங்க ஒருத்தருதான்ணா" என்றாள். செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கட்டிலுக்கு மேலே அதே கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளாக அதையே பார்த்திருக்கிறாள். "அது இன்னாண்ணா? நர்சு மூச்சுன்னாங்க" என்றாள். சொன்னேன். மூச்சை விட ஆரம்பிக்கும்போது முதலில் வருவது குழாயிலும் தொண்டையிலும் சும்மா நிற்கிற காற்றும்மா, அதில் அந்த வாயு இல்லை, அதனால் கோடு தரையில் இருக்கும். பிறகு நுரையீரல் காற்று அதோடு கலந்து வரும், கோடு விறுவிறுவென்று ஏறும். அப்புறம் சுத்தமாக நுரையீரலின் ஆழத்துக் காற்று மட்டும். அதுதான் மேலே சமமாக, லேசாக ஏறின மாதிரி ஓடுகிறது. அது முடிகிற இடத்து எண்ணைத்தான் முப்பத்தாறு என்று காட்டுகிறார்கள். அடுத்த மூச்சை இழுத்ததும் கோடு விழுந்து தரைக்கு வந்துவிடும்.

"அப்போ எல்லாம் நல்லாதான இருக்குது? எப்போ கண்ணு முழிப்பாங்க?"

நான் பார்த்ததிலேயே ஒழுங்கான கோடு அது. "மூளை எப்படி இருக்குதுன்னு அது காட்டாதும்மா" என்றேன்.

கணக்கெழுதுகிற பெண், புத்தி கூர்மை. "அன்னிக்கி செஞ்சியில இது எப்படி இருந்துச்சு?"

"தட்டையா இருந்துச்சு."

"எவ்ளோ நேரம்?"

"ஏழு நிமிசம்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

அழுவாள், திட்டுவாள் என்று நின்றேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்தாள். பேனாவையும் சேர்த்து நீட்டினாள். "இப்போ சொன்னீங்க பாருங்க, அத மட்டும் எழுதிக் குடுங்கண்ணா. வேற எதுவும் வேணாம்."

கேஸ் ஷீட்டின் அந்தக் கட்டங்களில் இருப்பது என் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியாது. தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். "நிதானமா எழுதணும்மா. நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்" என்றேன். அவள் நம்பினாள். எத்தனை மணிக்கு வருவேன் என்றுகூடக் கேட்டாள்.

மறுநாள் எனக்கு இரண்டு கேஸ் இருந்தது, போகவில்லை. அதற்கடுத்த நாள் எனக்கு லீவு. அன்றும் போகவில்லை.